திங்கட்கிழமை ஐந்து மணி வரை

அந்த ஆஃபர் லெட்டர் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் மெயிலில் வந்தது. திருபுவனையில் மாத்திரை தயாரிக்கும் கம்பெனி ஒன்று. தரப் பரிசோதனை லேபில் அனலிஸ்ட் வேலை, கம்பெனியின் நேரடி ரோலில், நிரந்தரமாக. அதுவரை எட்டு வருடம் நான் காண்ட்ராக்டில்தான் இருந்தேன். வில்லியனூர் பக்கத்தில் ஒரு சோப்புக் கம்பெனியின் லேபில், வருடா வருடம் ஏஜென்சிக்காரர் நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு. கம்பெனியின் பெயர் அச்சிட்ட தாளில் என் பெயரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பாகூர் ஏரிக்கு அந்தப் பக்கம் எங்கள் வீடு. நான், என் கணவர், நாலு வயது மகள். என் கணவர் ஃபிட்டர். அவரும் காண்ட்ராக்ட்தான். அந்த மாதங்களில் அவருடைய ஃபேக்டரியில் ஆர்டர் இல்லாமல் வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை கொடுத்தார்கள். நான் லெட்டரைக் காட்டியதும் வாங்கி இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை கடைசி வரியை மட்டும் வாய்விட்டுப் படித்தார்.

"வியாழக்கிழமை சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள மெயில்ல சம்மதம் சொல்லணுமாம். இல்லனா ஆஃபர் தானா கேன்சல் ஆயிடுமாம்." ஃபோனை என்னிடம் நீட்டினார். "இப்பவே சரின்னு போட்டுடு."

"கொஞ்சம் இருங்க," என்றேன்.

இருக்கச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தின வாரம் நான் இன்னொரு இடத்தில் இன்டர்வியூ கொடுத்திருந்தேன். கடலூர் ரோட்டில், எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில், மசாலாப் பொடி ஏற்றுமதி செய்யும் கம்பெனி. புதிதாக லேப் போடுகிறார்கள். இரண்டு சுற்று பேச்சு, ஒரு அரை நாள் செய்முறைத் தேர்வு. தேர்வு முடிந்ததும் அந்த லேபின் தலைமை அதிகாரி, நரைத்த தலை, நிதானமான மனிதர், என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கையெழுத்தும் நல்லாருக்கு, கணக்கும் நல்லாருக்கு" என்று மட்டும் சொன்னார். முடிவு அடுத்த வாரக் கடைசியில் வரும் என்றார்கள்.

மாத்திரைக் கம்பெனியில் மூன்று ஷிப்டு. பாகூரிலிருந்து கம்பெனி பஸ் விடியற்காலை ஐந்தரைக்கு. மசாலாக் கம்பெனியில் பகல் ஷிப்டு மட்டும். மகளை நானே பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் போகலாம். இதற்கு மேல் எனக்குக் காரணம் வேண்டியிருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் முதலில் மசாலாக் கம்பெனிக்குத்தான் ஃபோன் செய்தேன். எங்கள் சோப்புக் கம்பெனியில் உள்ளே ஃபோன் கொண்டுபோக விடமாட்டார்கள். காலையில் செக்யூரிட்டி அறைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, மதியம் அரை மணி நேரம் எடுக்கலாம், பிறகு சாயங்காலம் ஐந்தரைக்குத்தான். அந்த அரை மணிக்குள் சோற்றையும் தின்று ஃபோனையும் பேச வேண்டும். சோற்றை விட்டுவிட்டேன்.

லேப் அதிகாரியே எடுத்தார். எனக்கு வேறு இடத்தில் ஆஃபர் வந்திருக்கிறது, வியாழனுக்குள் பதில் கேட்கிறார்கள், உங்கள் முடிவு தெரிந்தால் எனக்கு உதவியாக இருக்கும் என்றேன். சொல்லும்போது மிரட்டுகிற மாதிரி இருந்துவிடுமோ என்று பயம்.

"சொன்னது நல்லதும்மா," என்றார். "ஆனா முடிவு சொல்ற எம்.டி. சென்னையில இருக்காரு. வெள்ளிக்கிழமைதான் வராரு. சனிக்கிழமை கண்டிப்பா சொல்லிடறோம். அதுவரைக்கும் அவங்ககிட்ட டைம் கேட்டுப் பாருங்க."

உடனே திருபுவனைக்குப் போட்டேன். ஹெச்.ஆர். பெண் எடுத்தார். குரல் வேகமாக, சற்று வெட்டினாற்போல் இருந்தது.

"மேடம், ஆஃபருக்கு ரொம்ப நன்றி. எனக்கு இந்த வேலையில விருப்பம் இருக்கு. ஆனா திங்கட்கிழமை வரைக்கும் டைம் கிடைக்குமா?"

"எதுக்கு?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். வீட்டில் பேசணும், ஊரிலிருந்து மாமனார் வரணும், எத்தனையோ இருக்கிறது. "இன்னொரு இடத்துல இன்டர்வியூ முடிஞ்சி முடிவுக்காகக் காத்திருக்கேன் மேடம். சனிக்கிழமை தெரிஞ்சிடும். ரெண்டையும் பார்த்துட்டு சரியா பதில் சொல்லணும்னு நெனைக்கிறேன்."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் நின்றது.

"மெயில்ல போடுங்க. எத்தனை நாள்னு தெளிவா எழுதுங்க. நான் மேனேஜர்கிட்ட கேக்கறேன். கொடுப்பாங்கன்னு நான் சொல்லல."

செக்யூரிட்டி அறை வாசலில் நின்றே மெயில் எழுதினேன். எனக்கு ஆங்கிலம் எழுத வரும், ஆனால் மெதுவாக வரும். நன்றி, வேலையில் ஆர்வம், திங்கட்கிழமை மாலை ஐந்து மணி வரை அவகாசம், அதற்குள் உறுதியாகப் பதில். நாலே வரி. அனுப்பிவிட்டு ஃபோனைத் திரும்ப ஒப்படைக்கும்போது செக்யூரிட்டி அண்ணன், "இன்னாம்மா, சோறுகூட துன்னாம ஃபோனோடவே நிக்கிற, வூட்ல யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

புதன்கிழமை பதில் இல்லை. வியாழன் மதியம் பார்த்தேன், அப்போதும் இல்லை. ஹெச்.ஆருக்கு ஃபோன் செய்தேன், எடுக்கவில்லை. காலையில் கிளம்பும்போதே என் கணவர் கேட்டிருந்தார்:

"பதில் வரலன்னா இன்னா பண்ணுவ?"

"அஞ்சு மணிக்குள்ள வந்துடும்."

"வரலன்னா?"

"வந்துடும்ங்க."

எனக்கே பதில் தெரியாத கேள்விக்கு நான் அப்படித்தான் பதில் சொல்வேன். அன்று அவருக்கு வேலை இல்லாத நாள். வீட்டில் இருந்தார்.

சாயங்காலம் ஐந்தரைக்கு ஃபோனைக் கையில் வாங்கினேன். பஸ் நிறுத்தம் வரை நடந்து, பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் மெயிலைத் திறக்கத் தைரியம் வந்தது. ஹெச்.ஆரிடமிருந்து இரண்டு மெயில்கள்.

முதலாவது 4.55க்கு வந்தது. 'உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது. திங்கட்கிழமை மாலை ஐந்து மணி வரை அவகாசம் அளிக்கப்படுகிறது.'

பெஞ்சில் பக்கத்தில் இருந்த அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சத்தம் போட்டு எதையோ சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவது 5.10க்கு. 'உங்கள் சம்மதம் கிடைத்தது, நன்றி. நாங்கள் 4.55க்கு அனுப்பிய மெயிலைப் பொருட்படுத்த வேண்டாம். சேரும் தேதியில் அசல் சான்றிதழ்களுடன் வரவும்.'

எந்தச் சம்மதம்?

ஆள் மாறி வந்த மெயில் என்றுதான் நினைத்தேன். கீழே இழுத்தேன். என் பெயர். என் மெயில் முகவரி. 4.41. 'உங்கள் நிறுவனத்தில் சேர முழு மனதுடன் சம்மதிக்கிறேன்.' அந்த நேரத்தில் நான் கண்ணாடிக் குடுவையில் சோப்புக் கரைசலை வைத்துக்கொண்டு அமிலம் சொட்டுவதை எண்ணிக்கொண்டிருந்தேன். என் ஃபோன் பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. பஸ் வந்து நின்று, ஏற்றிக்கொண்டு போனது. நான் ஏறவில்லை.

அப்புறம்தான் நினைவு வந்தது. முந்தின வருடம் என் ஃபோன் தண்ணீரில் விழுந்தபோது, விண்ணப்பங்கள் போடுவதற்காக என் மெயிலை என் கணவருடைய ஃபோனில் திறந்துவைத்தோம். அதை மூடவே இல்லை.

அவருக்கு ஃபோன் போட்டேன். ஒரே மணியில் எடுத்தார்.

"மெயில் அனுப்பினீங்களா?"

"வூட்டுக்கு வா. பேசிக்கலாம்."

"அனுப்பினீங்களா இல்லியா?"

"அனுப்பினேன்," என்றார். "ஒனக்கு எத்தினி வாட்டி ஃபோன் அடிச்சேன், பாரு. மணி நாலே முக்கா ஆவப்போவுது. பதிலே வரல. நான் இன்னா பண்றது?"

தவறிய அழைப்புகளைப் பார்த்தேன். பதினொன்று இருந்தது.

வீட்டுக்குப் போனபோது அவர் மகளுக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தார். கத்த வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவள் நான். ஆனால் ஃபோனை அவர் முன்னால் வைத்து 4.55 மெயிலைக் காட்டினேன். படித்தார். முகம் மாறியது.

"பதினாலு நிமிஷம்," என்றேன். "பதினாலு நிமிஷம் பொறுத்திருந்தா இது வந்திருக்கும்."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, மகள் சாப்பிட்டு எழுந்து போன பிறகு, எனக்குத் தெரியாத ஒரு விஷயத்தைச் சொன்னார்.

மகள் பிறப்பதற்கு முந்தின வருடம் அவர் ஒரு பம்ப் கம்பெனிக்கு இன்டர்வியூ போனார். செலக்ட் ஆகவில்லை என்று வந்து சொன்னார். நான் அன்று அவருக்குப் பிடித்த மீன் குழம்பு வைத்து, போகட்டும் விடுங்க என்று சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"அது பொய்," என்றார். "செலக்ட் ஆயிட்டேன். பர்மனன்ட். அப்ப கவர்மென்ட் எலக்ட்ரிசிட்டி வேலைக்கு லிஸ்ட் வரப்போவுதுன்னு சொன்னாங்க இல்ல, அதுக்காக ஒரு வாரம் டைம் கேட்டேன். வாயாலதான் கேட்டேன். சரிப்பா, பார்க்கலாம்னான். மூணாவது நாள் போனா வேற ஆளை எடுத்துட்டான். லிஸ்ட்லயும் என் பேர் இல்ல. ஒங்கிட்ட எப்பிடி சொல்றது? நீ மாசமா இருந்த."

ஐந்து வருடம். ஐந்து வருடம் அவர் காண்ட்ராக்டில் அல்லாடியதை நான் விதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவரோ அதைத் தன் வாயால் வந்த வினை என்று நினைத்துக்கொண்டு என் பக்கத்தில் படுத்திருந்திருக்கிறார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அது போனதுதான் எனக்கு இன்னும் அதிர்ச்சியாக இருந்தது.

ஆனாலும் மறுநாள் காலையில் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அந்தச் சம்மதம் என்னுடையது இல்லை. சனிக்கிழமை மசாலாக் கம்பெனியில் கூப்பிட்டால், திருபுவனைக்குச் சம்மதம் சொல்லிவிட்டு ஏமாற்றியவள் ஆகிவிடுவேன். இப்போதே சொல்லிவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை மதியம் ஹெச்.ஆருக்கு ஃபோன் செய்தேன்.

"மேடம், நேத்து என் ஐடியிலிருந்து வந்த சம்மதம் நான் அனுப்பினது இல்ல."

"உங்க ஐடிதானே?"

"ஆமா மேடம். என் வீட்டுக்காரர் அனுப்பிட்டாரு. எனக்கு ஃபோன் பண்ணிப் பார்த்திருக்காரு, என் ஃபோன் லாக்கர்ல இருந்துச்சி. அஞ்சு மணி தாண்டிட்டா வேலை போயிடும்னு பயந்துட்டாரு. நீங்க கொடுத்த டைம் எனக்கு வேணும் மேடம். கிடைக்கலன்னா புரிஞ்சிக்கிறேன்."

அவர் ஃபோனை வைத்துவிட்டாரோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"நான் இதை மேனேஜர்கிட்ட இன்னான்னு சொல்றது?" என்றார். அதுவரை ஆபீஸ் தமிழில் பேசியவர் வாயிலிருந்து 'இன்னா' என்று வந்ததும் அவரும் எங்கள் பக்கத்துப் பெண்தான் என்று புரிந்தது. "நேத்துதான் டைம் வேணும்னு போய் நின்னேன். அப்புறம் ஓகே சொல்லிட்டாங்கன்னு போய் நின்னேன். இப்ப இல்லன்னு போய் நிக்கணுமா?"

"மன்னிச்சிடுங்க மேடம்."

"மெயில் போடுங்க. நடந்ததை அப்படியே எழுதுங்க. வேற எதுவும் சேர்க்காதீங்க."

அப்படியே எழுதினேன். என் கணவர் என்ற சொல்லை எழுதும்போது அவரைக் காட்டிக்கொடுப்பதுபோல் இருந்தது. சாயங்காலம் பெட்டியிலிருந்து ஃபோனை எடுத்தபோது ஒரே ஒரு வரிப் பதில் இருந்தது. திங்கட்கிழமை ஐந்து மணி, அதற்கு மேல் ஒரு நிமிடம் கூட இல்லை.

சனிக்கிழமை எனக்கு அரை நாள் வேலை. எந்த இடம் கிடைத்தாலும் தேவைப்படுமே என்று சான்றிதழ்களை எல்லாம் கோப்பில் எடுத்துக்கொண்டு மதியம் வில்லியனூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். என் கணவர் பைக்கில் வந்து காத்திருந்தார். இரண்டு நாளாக என்னிடம் மிக ஜாக்கிரதையாக நடந்துகொண்டிருந்தார். தண்ணீர் வேணுமா, ஜூஸ் வாங்கட்டுமா என்று கேட்டபடி இருந்தார். பாவமாக இருந்தது. சரி, முடிந்தது முடிந்தது என்று மனசு இளகி, ஒரு ஜூஸ் வாங்கச் சொன்னேன்.

மணி மூன்றாகியும் மசாலாக் கம்பெனியிலிருந்து அழைப்பு வரவில்லை. கடைக்காரர் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை மிஷினில் வைக்கும்போது நானே கூப்பிட்டேன். ஆபீஸில் ஒரு பெண் எடுத்தார். பெயரைச் சொன்னேன்.

"நீங்களா? நீங்கதான் வேணாம்னு மெயில் போட்டுட்டீங்களே," என்றார்.

"நானா?"

"ஆமா. வேற இடத்துல சேர்ந்துட்டேன், என்னைப் பட்டியல்லேருந்து எடுத்துடுங்கன்னு. வியாழக்கிழமை. நேரம் பார்க்கறேன் இருங்க. நாலு அம்பத்திரண்டு."

ஜெராக்ஸ் மிஷினின் பச்சை வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்த் திரும்பி வந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் திருபுவனையில் கெஞ்சி வாங்கிய நாட்கள், எழுதிய மெயில்கள், வெள்ளிக்கிழமை அந்த ஹெச்.ஆர். பெண்ணை மேனேஜர் முன்னால் மறுபடி நிற்க வைத்தது, எல்லாம் எந்தப் பதிலுக்காகவோ அந்தப் பதிலின் கழுத்தை வியாழக்கிழமையே நெரித்தாகிவிட்டது. இல்லாத ஒன்றுக்காக இரண்டு நாள் காத்திருந்திருக்கிறேன்.

"சார் பேசணுங்கறாரு," என்றது அந்தக் குரல். லேப் அதிகாரி வந்தார்.

"இன்னாம்மா, நல்லாருக்கீங்களா? வருத்தமா இருந்துச்சி உங்க மெயில். லிஸ்ட்ல உங்க பேர்தான் முதல்ல வெச்சிருந்தேன். எம்.டி. நேத்து வந்ததும் அடுத்த பொண்ணுக்கு சொல்லிட்டோம். அவங்களும் நேத்தே ஒத்துக்கிட்டாங்க."

நான் நடந்ததைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை.

"ஐயய்யோ," என்றார். "ஒரு ஃபோன் பண்ணிக் கேட்டிருக்கலாம் நான். அவ்வளவு தெளிவா எழுதியிருந்துச்சி." பிறகு தயங்கி, "அந்தப் பொண்ணுக்கு லெட்டர் போயிடுச்சிம்மா," என்றார்.

"வேணாம் சார். அவங்ககிட்டேருந்து திருப்பி வாங்காதீங்க," என்றேன். அப்படி வாங்கித் தர முடியும் என்று அவர் சொல்லவே இல்லை. ஆனால் அந்த நொடியில் என் மனசு அதைத்தான் கேட்டது என்பதால் நானே வாயை அடைத்துக்கொண்டேன். முகம் தெரியாத அந்தப் பெண்ணும் எங்கேயோ ஒரு வேலையில் ஃபோனைப் பெட்டியில் பூட்டிவிட்டு இருப்பவளாக இருக்கலாம்.

வெளியே வந்தேன். என் கணவர் இரண்டு கையிலும் ஜூஸ் டம்ளர்களோடு நின்றிருந்தார்.

"மசாலாக் கம்பெனிக்கும் மெயில் போட்டியா நீ?"

கல்யாணமாகி ஏழு வருடத்தில் நான் அவரை 'நீ' என்று சொன்னது அதுவே முதல் தடவை. டம்ளர் தளும்பி அவர் சட்டையில் கொட்டியது. அவர் துடைக்கவில்லை.

"ஒரு எடத்துக்கு சரின்னு சொன்னா, இன்னொரு எடத்துக்கு வேணாம்னு சொல்றதுதானே மரியாதை," என்றார். முணுமுணுப்பாக.

"முந்தாநேத்து ஏன் சொல்லல? எல்லாத்தையும் சொன்னியே, பம்ப் கம்பெனி கதையெல்லாம் சொன்னியே, இதை ஏன் சொல்லல?"

"சொல்ல வந்தேன். நீ அந்தப் பதினாலு நிமிஷத்தைக் காட்டின. அதுக்கப்புறம் வாய் வரல."

"அழிச்சிட்டியா அந்த மெயிலை?"

ஆமென்று தலையை ஆட்டினார்.

நான் பைக்கில் ஏறவில்லை. பாகூர் பஸ் நின்றிருந்தது, ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பஸ் கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் திரும்பிப் பார்த்தால் பின்னால் அவருடைய பைக். பஸ் நிற்கிற இடத்திலெல்லாம் அவரும் நின்றார். முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. கரும்பு லாரிகளுக்கு நடுவே புகுந்து பாகூர் வரைக்கும் அப்படியே வந்தார்.

பஸ்ஸிலேயே அழித்த மெயில்கள் இருக்கும் பகுதியைத் திறந்து பார்த்தேன். இருந்தது. அதைப் படித்ததுதான் எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது. நான் செவ்வாய்க்கிழமை திருபுவனைக்கு எழுதிய வரிகளையே எடுத்து அடுக்கியிருந்தார். நான் போடும் அதே வணக்கம், நான் நன்றி சொல்கிற அதே விதம், நான் எப்போதும் தவறாகப் போடும் அந்தக் காற்புள்ளி கூட அதே இடத்தில். நானே படித்தாலும் நான் எழுதியது என்றுதான் சொல்வேன். அந்த லேப் அதிகாரிக்கு எப்படிச் சந்தேகம் வரும்?

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. திருபுவனையையும் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு வெறி வந்தது. சோப்புக் கம்பெனியிலேயே கிடக்கிறேன், அவரே பார்த்துக்கொள்ளட்டும். பாத்திரம் கழுவும்போது அது சரியாகத் தோன்றியது. துணி உலர்த்தும்போது, அவரைத் தண்டிக்க நான் ஏன் என் எட்டு வருடத்தைக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. திருபுவனை லெட்டரை எடுத்து முதலிலிருந்து, முதல் தடவை பார்க்கிறவள்போல் படித்தேன். அந்த வேலை வியாழக்கிழமை இருந்ததைவிடக் கெட்டுப்போகவில்லை. அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொன்று இல்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு நேரிலேயே போனேன். மெயில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. வில்லியனூரில் பஸ் மாறி, திருபுவனையில் இறங்கி, கம்பெனி கேட்டில் பெயர் எழுதிவிட்டு உள்ளே போனபோது மணி பன்னிரண்டு. ஹெச்.ஆர். பெண்ணை நான் நாற்பது வயதுக்காரராகக் கற்பனை செய்திருந்தேன். என்னைவிடச் சின்னவராக இருந்தார். மேசையில் பாதி சாப்பிட்ட டிபன் பாக்ஸ்.

"நேர்லயே வந்துட்டீங்களா? ஃபோன் பண்ணாலே போதுமே."

"நான்தான்னு தெரியணும் இல்ல மேடம்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. உட்காரச் சொன்னார். "அந்த இன்னொரு இடம் என்ன ஆச்சு?"

சொன்னேன். அவர் கையிலிருந்த பேனாவை மூடாமலேயே கேட்டுக்கொண்டிருந்தார். "அங்கேயும் போட்டுட்டாரா!" என்று மட்டும் சொன்னார்.

"ஒண்ணு சொல்லட்டுமா," என்றார் பிறகு. "இங்க டைம் கேக்கறவங்க கம்மி. உடனே சரின்னுடுவாங்க. ஜாயின் பண்ற அன்னைக்கு ஆளே வரமாட்டாங்க, ஃபோனை எடுக்கமாட்டாங்க. அதுல எனக்குத்தான் திட்டு விழும். நீங்க காரணத்தோட, தேதியோட கேட்டீங்க. அதனாலதான் மேனேஜர்கிட்ட மூணு வாட்டி போய் நின்னேன். மூணாவது வாட்டி மொதல்ல சத்தம் போட்டாரு. அப்புறம் உங்க மெயிலைப் படிச்சிட்டு, 'இதை மறைச்சிருக்கலாம், மறைக்கல'ன்னு சொல்லிட்டு டைம் கொடுத்தாரு."

நான் அழுதுவிடக் கூடாது என்று மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வாரமாக அந்தப் பெண்ணை ஒரு மூடிய கதவாகவே நினைத்திருந்தேன். அவர் எனக்காக உள்ளே போய் வந்துகொண்டிருந்திருக்கிறார்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்க வேண்டியதையும் கேட்டுவிட்டேன். சின்னக் குழந்தை இருக்கிறது, ஷிப்டு எப்போதிலிருந்து? முதல் மூன்று மாதப் பயிற்சி பகலில்தான், அதன் பிறகு சுழற்சி என்றார். அதை லெட்டரில் போட முடியுமா என்றேன். ஒரு கணம் என்னை நிமிர்ந்து பார்த்தார். இவள் இன்னும் கேட்கிறாளே என்ற பார்வை. பிறகு உள்ளே போய், அந்த வரியைச் சேர்த்துப் புதுத் தாள் எடுத்துவந்தார்.

கையெழுத்துப் போட்டேன். தேதியும் நேரமும் நானே எழுதினேன். அந்தத் தாள் கையில் வந்த பிறகுதான், மறுநாள், சோப்புக் கம்பெனி ஏஜென்சிக்கு விலகல் கடிதம் கொடுத்தேன்.

சேர்ந்து இப்போது ஒரு வருடம் தாண்டிவிட்டது. லேபில் என் பெயர் போட்ட வெள்ளைக் கோட்டு மாட்டியிருக்கிறது. ஷிப்டு கஷ்டம்தான். விடியற்காலை வாரங்களில் மகளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்புவது அவர். பின்னல் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி இருக்கும். அவருடைய ஃபோனிலிருந்து என் மெயிலை அந்த ஞாயிற்றுக்கிழமையே எடுத்துவிட்டேன். பாஸ்வேர்டையும் மாற்றினேன். அவர் கேட்கவில்லை.

பல மாதம் அந்த விஷயத்தை இருவரும் தொடவில்லை. மார்கழியில் ஒருநாள் ஐந்தரை பஸ்ஸுக்காக என்னைப் பைக்கில் கொண்டுவந்து விட்டார். பனியில் எதிரே ஏரிக்கரை தெரியவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே, ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்:

"நான் பண்ணது தப்புதான். பயந்து பண்ணேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். பயம் என்னுது, வேலை ஒன்னுதுதானே?"

நான் வாயைத் திறப்பதற்குள் பஸ்ஸின் விளக்கு வந்துவிட்டது. ஏறினேன். உட்கார்ந்து, கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்து வெளியே பார்த்தேன். அவர் இன்னும் அங்கேயே நின்றிருந்தார். என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று வில்லியனூர் தாண்டும் வரைக்கும் யோசித்துக்கொண்டே போனேன். அன்று மதியம் கேன்டீனிலிருந்து அவருக்கு ஃபோன் செய்து, சாப்பிட்டீங்களா என்று கேட்டேன்.